கூடத்து டிவியின் மின்கணக்கு

ஜனவரி 19

பொங்கல் போனஸில் வாங்கிய 43 அங்குல எல்.இ.டி. டிவி கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. பழையது இன்னும் மேசையிலேயே இருக்கிறது. 2006 தேர்தலில் வாக்குறுதி அளிக்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் வீடுவீடாகக் கொடுக்கப்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளில் ஒன்று. ஆரம்பாக்கத்தில் இன்றும் பல வீடுகளில் அது ஓடுகிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதில் தெலுங்குச் சேனலும் பார்ப்பார்கள்.

"புதுசு கரண்ட்டே இழுக்காதுன்னு கடைக்காரர் சொன்னாரு" என்கிறாள் மனைவி. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அது முறம் அளவு, இது கதவு அளவு. எப்படிடா இது கம்மியா இழுக்கும்?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது. இரண்டு டிவியும் ஒரே வீட்டில் இருக்கும்போதே அளந்து பார்த்துவிட வேண்டும்.

ஜனவரி 21

அளக்கத் தனிக் கருவி வாங்கவில்லை. வாசலில் ஈ.பி. மாட்டிய மீட்டரே போதும். அதன் முகப்பில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஒரு யூனிட் செலவாவதற்குள் அது 3200 முறை மினுக்கும் என்று பொருள். ஆகவே பத்து மினுக்கலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, 11,250ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். நூறு விநாடி ஆனால் 112 வாட். இருநூறு ஆனால் 56. மீட்டரில் 1600 என்று போட்டிருந்தால் 22,500ஐ வகுக்க வேண்டும்.

அளக்கும்போது மற்றதெல்லாம் நின்றிருக்க வேண்டும். ஃபிரிட்ஜை நிறுத்தியும் இன்று கணக்கு ஏறுக்குமாறாக வந்தது. காரணம் இன்வெர்ட்டர். காலையில் கொஞ்ச நேரம் கரண்ட் போயிருந்ததால், அது சத்தமில்லாமல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதன் பிளக்கைப் பிடுங்கிய பிறகே எண்ணத் தொடங்க வேண்டும்.

ஜனவரி 25

முதலில் பழைய டிவி மட்டும். பத்து மினுக்கலுக்கு 216 விநாடி. அதாவது 52 வாட்.

ஆனால் இந்த எண் நிலையாக நிற்கவில்லை. கிரிக்கெட் மைதானம் திரை முழுக்கப் பச்சையும் வெளிச்சமுமாக வரும்போது மினுக்கல் விரைவாகிறது. இரவுக் காட்சி என்றால் தாமதமாகிறது. படக்குழாய் டிவியின் இயல்பு அது. குழாயின் பின்கழுத்தில் ஒரு சூடேற்றி எரிகிறது. ஏறத்தாழ இருபதாயிரம் வோல்ட்டில் எலக்ட்ரான்கள் முன்திரைக்கு இழுக்கப்படுகின்றன. அந்தக் கற்றையைக் காந்தச் சுருள்கள் வரிவரியாக ஓட்டுகின்றன. சூடேற்றியும் சுருளும் படம் எதுவானாலும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். கற்றையோ வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். எனவே படக்குழாய் டிவியை அளப்பவர் ஒரே காட்சியைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. விளம்பரம், செய்தி, படம் எல்லாம் கலந்த நேரத்தில் பலமுறை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். நான் எழுதிய 52 அப்படி வந்ததுதான்.

ஜனவரி 26

இன்று புதியது. பத்து மினுக்கலுக்கு 134 விநாடி. 84 வாட்!

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நான் சொன்னேன்ல?"

அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் திரையின் பரப்பையும் பார்க்க வேண்டும்: 43 அங்குலத் திரை 14 அங்குலத்தைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு பெரியது. எட்டு மடங்கு பரப்பை ஒன்றரை மடங்கு மின்சாரத்தில் ஒளியேற்றுகிறது என்றால் தொழில்நுட்பம் முன்னேறித்தான் இருக்கிறது. அந்த முன்னேற்றத்தை நாம் பெரிய திரையாக மாற்றி வாங்கிவிட்டோம். கடைக்காரர் சொன்னது ஒரே அளவுள்ள இரண்டு திரைகளை ஒப்பிட்டால் சரியாக இருக்கும்.

இருட்டான காட்சிக்கும் வெளிச்சமான காட்சிக்கும் இந்த டிவியில் மினுக்கல் வேகம் மாறவில்லை. இதில் வெளிச்சம் தருவது திரைக்குப் பின்னாலுள்ள எல்.இ.டி. வரிசை. முன்னாலுள்ள திரவப் படிகத் தகடு அந்த ஒளியை விடுகிறது, தடுக்கிறது, அவ்வளவுதான். கறுப்புக் காட்சியிலும் பின்விளக்கு முழுதாக எரிந்துகொண்டே இருக்கும். விலையுயர்ந்த ஓலெட் திரைகளும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் மாடல்களும் வேறு வகை; எங்கள் வீட்டில் உள்ளது சாதாரண வகை.

அப்படியானால் பின்விளக்கைக் குறைத்தால் செலவு குறைய வேண்டும். மெனுவில் பட அமைப்பு Vivid என்றிருந்தது. கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்கான அமைப்பு அது; மாலையில் ஒரே ஒரு டியூப் லைட் எரியும் கூடத்துக்கு வேண்டியதில்லை. Standard என்று மாற்றி, Backlight அளவையும் இறக்கினேன். பத்து மினுக்கலுக்கு 200 விநாடி, 56 வாட். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மகளிடம் கேட்டேன், படத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றாள். Brightness என்ற இன்னொரு அளவும் மெனுவில் இருக்கிறது. பெரும்பாலான டிவிகளில் அது கறுப்பின் அடர்த்தியைத்தான் மாற்றும். அதைக் குறைத்தால் படம் கெடும், மின்சாரம் மிஞ்சாது.

பிப்ரவரி 1

அடுத்து சின்னப் பொருட்கள்: கேபிள் செட்டாப் பாக்ஸும் ஸ்டெபிலைசரும்.

இவற்றை மீட்டரில் தனியாக எண்ணுவது நம்பத் தகுந்ததல்ல. வீட்டு மீட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ ஐந்து வாட்டுக்குக் கீழே போனால் அது எண்ணத் தொடங்கும் என்ற உத்தரவாதம் இல்லை. எனவே ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதன்மேல் கூடுவதைப் பார்த்தேன். ஃபேன் மட்டும் 150 விநாடி, 75 வாட். ஃபேனோடு பாக்ஸ் சேர்ந்தால் 134 விநாடி, 84 வாட். ஆகவே பாக்ஸ் 9 வாட். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் ஃபேனின் வாட்டும் இறங்கிவிடும் என்பதால், ஃபேன் மட்டும், ஃபேனும் பாக்ஸும் என்று மாற்றி மாற்றி எண்ணினேன்.

பிறகு ரிமோட்டில் பாக்ஸை அணைத்தேன். பச்சை விளக்கு சிவப்பானது. மினுக்கல் 136 விநாடி. கணக்குப்படி அணைந்த பாக்ஸ் இழுப்பது 8 வாட்!

"நான்தான் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுப் படுக்கிறேனே" என்றார் அம்மா. அவர் அணைப்பது படத்தையும் ஒலியையும் மட்டும். உள்ளே கேபிள் அலையைப் பிடிக்கும் பகுதியும் செயலியும் விழித்தே இருக்கின்றன. எந்தச் சேனலுக்குக் கட்டணம் கட்டியிருக்கிறோம் என்ற உரிமச் செய்தியும், நிகழ்ச்சிப் பட்டியலும், மென்பொருள் மாற்றமும் எந்த நேரத்திலும் வரலாம் என்று காத்திருக்கின்றன. டிஷ் ஆன்டெனா உள்ள வீட்டில் இன்னொரு செலவும் உண்டு: மொட்டை மாடியில் தட்டின் முன் நிற்கும் எல்.என்.பி.க்கும் பாக்ஸ்தான் கேபிள் வழியே 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது.

இலவச டிவி வந்த காலத்தில் இந்தப் பாக்ஸே கிடையாது. கேபிள் ஒயரை நேராக டிவியில் செருகினோம். நாடு முழுவதும் கேபிளை டிஜிட்டலாக்க 2017 மார்ச் 31 என்று கடைசிக் கெடு வைத்த பிறகுதான் சிற்றூர்க் கூடங்களுக்கும் பாக்ஸ் வந்தது.

ஸ்டெபிலைசர்: டிவியை நிறுத்தியும் 6 வாட். உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கருவைக் காந்தமாக்கி வைத்திருப்பதற்கே அது செலவாகிறது. தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதும் அதனால்தான். புதிய டிவியின் முதுகில் 100-240V என்று போட்டிருக்கிறது. வோல்டேஜ் இறங்கினாலும் அது சமாளித்துக்கொள்ளும், ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை இடிக்கு ஸ்டெபிலைசர் காவல் இல்லை. பிளக்கையும் கேபிள் ஒயரையும் பிடுங்குவதே காவல்.

பிப்ரவரி 2

சிப்காட்டில் எங்கள் ஷிப்ட்டில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் தம்பி கிளாம்ப் மீட்டரோடு வந்தான். Vivid அமைப்பில் டிவி ஒயரைக் கவ்விப் பார்த்தான். "0.6 ஆம்பியர் காட்டுதுண்ணா. 230ஆல பெருக்குனா 138 வாட். உங்க கணக்கு தப்பு."

தொழிற்சாலையில் மோட்டாருக்கு பவர் ஃபேக்டர் பார்ப்பவன் அவன். "டிவிக்கும் அது உண்டேப்பா" என்றதும் சிரித்துவிட்டான். டிவிக்குள் இருக்கும் மின்வழங்கி, மின்சாரத்தை அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று உறிஞ்சும். அதனால் ஆம்பியர் அதிகமாகத் தெரியும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வோல்ட்-ஆம்பியர். அதில் சுமார் 0.6 பங்குதான் வாட். வீட்டு பில் போடப்படுவது வாட்டுக்கு. கிளாம்ப் மீட்டர் கணக்கை வைத்து டிவி கரண்ட் குடிக்கிறது என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான்.

பிப்ரவரி 9

இரண்டு மாத பில்லுக்கு அறுபது நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் டிவி என்று வைத்துக் கூட்டினேன்.

பழைய ஏற்பாடு: டிவி 19 யூனிட், பாக்ஸ் 12, ஸ்டெபிலைசர் 9. மொத்தம் ஏறத்தாழ 40. இதில் படம் பார்க்கச் செலவானது பாதிதான். மீதிப் பாதி அந்த இரண்டு சின்னப் பெட்டிகளுடையது. 9 வாட் என்பது சின்ன எண்தான், 24 மணி நேரம் சின்னதல்ல.

புதிய டிவியை வந்தபடியே விட்டிருந்தால்: டிவி 30, பாக்ஸும் ஸ்டெபிலைசரும் 21. மொத்தம் 51.

இப்போது: பட அமைப்பை மாற்றிய டிவி 20 யூனிட், டிவி பார்க்காத நேரமெல்லாம் சுவிட்ச் போர்டில் அணைக்கப்படும் பாக்ஸ் 3, ஸ்டெபிலைசரைக் கழற்றியாயிற்று. மொத்தம் 23. பழைய சின்ன டிவியின் காலத்தைவிடக் குறைவு. டிவியின் காத்திருப்புச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் அதற்கு அரை வாட் என்ற வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் டிவியின் கையேட்டிலும் அரை வாட் என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட்கூட வராது.

பாக்ஸை சுவிட்சில் அணைப்பதில் ஒரு தொல்லை உண்டு. காலையில் படம் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அம்மா முணுமுணுக்கிறார். பல நாள் தொடர்ந்து அணைத்து வைத்தால் உரிமச் செய்தி தவறிப்போய்ச் சேனல்கள் பூட்டிக்கொள்ளலாம். அப்போது கேபிள்காரரைக் கூப்பிட்டு ரீஃப்ரெஷ் கொடுக்கச் சொல்ல வேண்டும். நாள்தோறும் பார்க்கும் நேரத்தில் போட்டுவிட்டால் அப்படி ஆவதில்லை.

மார்ச் 28

ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். பில் போன முறையைவிட அதிகம். "இவ்வளவு எண்ணி என்ன மிச்சம்?" என்று மனைவி கேட்டாள். வெயில் வந்துவிட்டது, இரண்டு ஃபேன்கள் பகலெல்லாம் சுற்றுகின்றன, ஃபிரிட்ஜும் அதிகம் உழைக்கிறது. இருபது முப்பது யூனிட் மாற்றம் இதற்குள் மறைந்துவிடும். மொத்த பில்லை வைத்து ஒரு டிவியை எடைபோட முடியாது. மினுக்கலை எண்ணித்தான் போட முடியும்.

51 யூனிட் 23 ஆனதில் வந்த 28 யூனிட் மிச்சத்தின் மதிப்பும் வீட்டுக்கு வீடு வேறு. 2016 மே முதல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள்ளேயே முடித்துவிடும் வீட்டுக்கு இதனால் ரூபாயில் ஒன்றும் மிஞ்சாது. 500ஐ ஒட்டி நிற்கும் வீட்டுக்கோ இது பெரிது. அந்தக் கோட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட் மட்டுமல்ல, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போகும். ஏ.சி. போட்ட பக்கத்து வீட்டுக்காரர் கோடையில் அந்தக் கோட்டருகேதான் நிற்கிறார். அவர் கூடத்தில் இன்னும் பழைய ஸ்டெபிலைசர் ஓடுகிறது. நாளை போய் அதைக் கழற்றச் சொல்ல வேண்டும்.