இரண்டாயிரத்து எழுநூறு

கணக்குப் புத்தகம் பொய் சொல்லாதுன்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தவன் நான். அந்த நம்பிக்கை ஒரே ராத்திரியில போச்சு. அதைப் பத்தித்தான் எழுதுறேன்.

2012 ஏப்ரல். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. பிளஸ் டூவுல வணிகவியல் குரூப், அப்புறம் பி.ஏ. தமிழ். எம்.ஏ. தமிழை அஞ்சல் வழியில படிச்சிக்கிட்டே திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன டவுன்ல மல்லாட்டை வாங்கி எண்ணெய் செக்குக்கு விக்கிற மண்டியில கணக்கு எழுதினேன். கம்ப்யூட்டர் கிடையாது. கேஷ் புக், கொள்முதல் புத்தகம், விற்பனைப் புத்தகம், தடியா ஒரு லெட்ஜர், அவ்வளவுதான். பில் புக்கைப் பார்த்துக் கொள்முதல் புத்தகத்துல எழுதணும். அதிலேருந்து ஒவ்வொரு ஆளோட கொள்முதலையும் லெட்ஜர்ல அந்தந்த ஆளோட கணக்குல வரவு வைக்கணும். மாசக் கடைசியில கொள்முதல் மொத்தத்தைக் கூட்டி, கொள்முதல் கணக்குல ஒரே தொகையாப் பற்று எழுதணும். சரக்கு கொடுத்தவனுக்கு நாம கடன்பட்டோம், அது வரவுப் பக்கம். சரக்கு நம்மகிட்ட வந்துச்சு, அது பற்றுப் பக்கம். ரெண்டு பக்கமும் சமமா நிக்கணும். வருசம் முடிஞ்சதும் எல்லாக் கணக்கோட மிச்சத்தையும் ஒரே தாளில் வரிசையா எழுதிக் கூட்டிப் பார்ப்போம். பாடப் புத்தகத்துல அதுக்குப் பேரு இருப்பாய்வு. கடையில ட்ரயல் பேலன்ஸ்.

நான் கூட்டினப்ப பற்று 18,46,320. வரவு 18,43,620. வரவுப் பக்கம் 2,700 குறையுது.

முதலாளிகிட்டச் சொன்னேன். "ரெண்டாயிரத்து எழுநூறுதானே? அனாமத்துல போட்டு மூடு தம்பி. நாளைக்கு ஆடிட்டர் ஆபீசுக்குப் புக்கு போகணும்"ன்னார். பக்கத்துல உக்காந்திருந்த அவரோட மச்சான் என்னைப் பார்க்காம, கல்லாவைப் பார்த்துக்கிட்டே, "காசு எங்கியாவது போயிருக்கும், வேறென்ன"ன்னார். எங்க தெருவுலேருந்து அந்தக் கடையில பேனா பிடிச்ச முதல் ஆள் நான்தான். அந்தப் பேச்சு யாருக்குன்னு எனக்குத் தெரியும்.

கல்லாவுலேருந்து காசு போனா ட்ரயல் பேலன்ஸ் இடிக்காது. கேஷ் புக்குல இருக்கிற இருப்புக்கும் எண்ணிப் பார்க்கிற பணத்துக்கும்தான் வித்தியாசம் வரும். கேஷ் சரியா இருந்துச்சு. பத்து ரூபா குறையல. இதை அவருக்கு எப்படி விளக்குறது? வாய மூடிக்கிட்டேன்.

அனாமத்துன்னு சொன்னாரே, அது ஒரு தற்காலிகக் கணக்கு. தப்பு கிடைக்கிற வரைக்கும் வித்தியாசத்தை அதுல நிறுத்தி வைக்கலாம், தப்பில்ல. ஆனா எங்க கடையில அனாமத்துக்குப் போன காசு திரும்பி வந்ததில்ல. ரெண்டு மூணு வருசம் கிடந்து, அப்புறம் சத்தமில்லாம லாபத்துல சேர்ந்துடும். "ராத்திரி இருந்து பார்த்துடுறேன் முதலாளி"ன்னேன். சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டார்.

முதல்ல ட்ரயல் பேலன்ஸ் தாளையே கீழேருந்து மேல கூட்டினேன். மேலேருந்து கூட்டினா பண்ண தப்பையே திரும்பப் பண்ணுவோம். கூட்டல் சரி. அப்புறம் லெட்ஜர்ல மிச்சம் நிக்கிற ஒவ்வொரு கணக்கையும் திரும்பக் கூட்டி, தாளில் ஏத்தினது சரியான்னு பார்த்தேன். சரி. பிறகு 2,700ன்னு எங்கியாவது ஒரு தொகை இருந்து அதை ஏத்தாம விட்டிருக்கேனான்னு தேடினேன். இல்ல. அடுத்து அதுல பாதி, 1,350. வரவுல எழுத வேண்டியதைப் பற்றுல எழுதிட்டா வித்தியாசம் ரெண்டு மடங்கா வரும், அதனால பாதியைத் தேடணும். 1,350ம் ஒரு இடத்துலதான் இருந்துச்சு, சரியான பக்கத்துலயே.

மணி பத்தாச்சு. அப்பத்தான் பிளஸ் டூ வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்துச்சு: "வித்தியாசத்தை ஒம்பதால வகுத்துப் பாரு. மீதியில்லாம போச்சுன்னா, எங்கியோ ரெண்டு எண்ணு இடம் மாறி உக்காந்திருக்குன்னு சந்தேகப்படு."

2,700ஐ ஒம்பதால வகுத்தா 300. மீதி இல்ல.

இதுல மந்திரம் ஒண்ணும் கிடையாது. ஏழாயிரத்து நானூறுன்னு எழுத வேண்டியதை நாலாயிரத்து எழுநூறுன்னு எழுதினா, ஆயிரத்துல மூணு போயிடுது, நூறுல மூணு கூடுது. மூவாயிரம் போயி முந்நூறு வந்தா நட்டம் ரெண்டாயிரத்து எழுநூறு. பக்கத்துப் பக்கத்து எண் எது மாறினாலும் வித்தியாசம் ஒம்பதோட மடங்காத்தான் வரும். வகுத்து வந்த 300 இன்னொண்ணும் சொல்லுது. மாறினது ஆயிரம் இடமும் நூறு இடமும். மாறின ரெண்டு எண்ணுக்கும் நடுவுல மூணு வித்தியாசம். அப்ப 0ம் 3ம், 1ம் 4ம், 2ம் 5ம், 3ம் 6ம், 4ம் 7ம், 5ம் 8ம், 6ம் 9ம் இப்படி ஜோடியா நிக்கிற தொகைகளைத்தான் தேடணும்.

ஆனா இது சந்தேகம்தான், சாட்சி இல்ல. 3,000ஐ 300ன்னு ஒரு சுழி விட்டு எழுதினாலும் இதே 2,700 வரும். ரெண்டு வேற வேற தப்பு சேர்ந்தும் ஒம்பதோட மடங்கா வரலாம். ஒரு லாரி வாடகை 3,000 இருந்துச்சு. இதான் ஆளுன்னு மனசு துள்ளுச்சு. பார்த்தா ரெண்டு பக்கமும் 3,000ன்னு ஒழுங்கா இருக்கு.

பாக்கி உள்ள கணக்கெல்லாம் மறுபடி மறுபடி பார்த்தேன், ஆள் சிக்கல. பன்னெண்டு மணிக்குத்தான் என் முட்டாள்தனம் எனக்கே உறைச்சுது. பாக்கி நிக்கிற கணக்கைத்தானே பார்க்கிறேன்? பணம் குடுத்து முடிச்சுப் பாக்கி இல்லாமப் போன கணக்கு ட்ரயல் பேலன்ஸ் தாளுக்கே வராது. தப்பு அங்க ஒளிஞ்சிருந்தா? கொள்முதல் புத்தகத்தை எடுத்து ஏப்ரல்லேருந்து ஒவ்வொரு வரியையும் லெட்ஜரோட வச்சு, சிவப்புப் பென்சில்ல டிக் அடிச்சிக்கிட்டே வந்தேன்.

நவம்பர். கொள்முதல் புத்தகத்துல 698 கிலோ, கிலோ 25 ரூபா, தொகை 17,450. லெட்ஜர்ல அந்த ஆளோட கணக்குல 14,750. என் கையெழுத்து.

பேரைப் பார்த்ததும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. எங்க அம்மா பொறந்த ஊரு காலனியில இருக்கிற பெரியவர். முறையில எனக்கு மாமா. ஒரு ஏக்கர் மானாவாரி மல்லாட்டை. சரக்குப் போட்ட அன்னிக்குப் பத்தாயிரம் வாங்கிக்கிட்டுப் போனார். பொங்கல் கழிச்சுப் பாக்கிக்கு வந்தார்.

"ஏழாயிரத்து நானூத்தி அம்பது வரணும் முதலாளி"ன்னு வாசல்லயே நின்னு சொன்னார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் லெட்ஜரைப் புரட்டி, "நாலாயிரத்து எழுநூத்தி அம்பது"ன்னு படிச்சேன்.

"இல்ல தம்பி, எடை போட்ட அன்னிக்கே சொன்னாங்க. நல்லாப் பாரு."

"சீட்டு எங்க மாமா?"ன்னு கேட்டேன். "மழையில வூடு ஒழுகி ஊறிப் போச்சு"ன்னார். முதலாளி சிரிச்சார். "புக்கு பொய் சொல்லுமாய்யா?"ன்னு சொல்லிப் பணத்தை எண்ணிக் குடுத்தார். பில் புக்கோட கார்பன் காப்பி என் காலடியில பெட்டியில கிடந்துச்சு. குனிஞ்சு எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கல. படிச்சவன் எழுதின புக்கு ஒரு பக்கம், படிக்காதவர் வாய்ச்சொல் ஒரு பக்கம். நானும் புக்கு பக்கம்தான் நின்னேன்.

பெட்டியைத் திறந்து காப்பியை எடுத்தேன். 17,450.

லெட்ஜர்ல அடிச்சுத் திருத்தக் கூடாது. அந்தக் கணக்குலயே வரவுப் பக்கம் புதுசா ஒரு வரி எழுதினேன்: 'நவம்பர் கொள்முதல் 17,450க்குப் பதில் 14,750 என எழுதிய பிழை திருத்தம், 2,700.' இதுக்கு எதிர்ப்பக்கம் எழுத வேண்டியதில்ல. பற்றுல முழுத்தொகையும் முன்னாடியே ஏறிடுச்சு, விட்டுப் போன மிச்சம்தான் இது. ட்ரயல் பேலன்ஸ்ல அவர் பேரு புதுசா வந்துச்சு. ரெண்டு பக்கமும் 18,46,320.

காலையில பில் காப்பியோட முதலாளி முன்னாடி நின்னேன். "தப்பு என்னுது"ன்னேன். "அந்தாளு கணக்குத்தான் முடிஞ்சு போச்சே"ன்னார் மச்சான். "முடியல, இன்னும் நாம தரணும்"ன்னேன். சத்தம் கொஞ்சம் கூடிடுச்சு போல. முதலாளி ரொம்ப நேரம் காப்பியையே பார்த்துட்டுப் பணத்தை எண்ணினார். "நீயே போய்க் குடுத்துட்டு வா. கைநாட்டு வாங்கிக்க."

மாமா வூட்ல இல்ல. அத்தைதான் இருந்தாங்க. விசயத்தைச் சொன்னதும் பணத்தைத் தொடல, உள்ளாரக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அடுப்புக்கு மேல சுவத்துல கரியால கோடு. ஏழு நீளக் கோடு, நாலு குட்டைக் கோடு, அதுக்குப் பக்கத்துல பாதியா ஒண்ணு. "ஆயிரம், நூறு, அம்பது"ன்னு விரலால தொட்டுக் காட்டினாங்க. "நாங்க அன்னிக்கே எழுதி வச்சோமேப்பா."

அதுக்கப்புறம் லெட்ஜர் ஏத்தும்போது எண்ணைக் கண்ணால பார்த்து எழுதுறதை விட்டுட்டேன். வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுவேன். பதினேழாயிரத்து நானூத்தி அம்பதுன்னு வாய் சொன்னா, கை பதினாலாயிரத்து எழுநூத்தி அம்பதுக்குத் தாவாது.

ஆனா என்னை இன்னிக்கும் உறுத்துறது வேற. அந்தத் தப்பு சிக்கினது நான் ஒரு பக்கம் மட்டும் தப்பா எழுதினதால. பில்லுலேருந்து கொள்முதல் புத்தகத்துல ஏத்தும்போதே 14,750ன்னு எழுதியிருந்தா? கொள்முதல் கணக்குலயும் அதே தப்பு, அவர் கணக்குலயும் அதே தப்பு. ரெண்டு பக்கமும் சமமாக் குறைஞ்சு, ட்ரயல் பேலன்ஸ் அழகா டேலி ஆகியிருக்கும். நானும் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். இப்ப அந்த மண்டியிலயும் கம்ப்யூட்டர் வந்துடுச்சு. ஒரு தடவை தட்டினா அதுவே ரெண்டு பக்கமும் ஏத்திக்குது. தப்பாத் தட்டினாலும் ரெண்டு பக்கமும் ஏத்திக்கும், எப்பவும் டேலி ஆகும். அந்தத் தப்பு பில்லைப் பார்த்தாத்தான் தெரியும். இல்ல, எதிர்ல நிக்கிற ஆளு சொல்றதக் காது குடுத்துக் கேட்டாத் தெரியும்.

பணத்தை வாங்கிக்கிட்டு அத்தை ஈரத்துணி எடுத்துச் சுவத்துக் கோட்டைத் துடைச்சாங்க. அப்பத்தான் அந்தக் கணக்கு முடிஞ்சுது.