இனிப்பு முந்தும், விதை பிந்தும்

பிப்ரவரி மாதத்தில் மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் நாசிக் திராட்சை குவிந்து கிடக்கும். பச்சை நிறம், விதை கிடையாது, இனிப்புக்குக் குறைவில்லை. ஆனால் இதில் ஒயின் போட்டால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும் என்கிறார் ஒரு தாராவித் தமிழர். சொல்வதற்கு அவருக்குத் தகுதி உண்டு. மாட்டுங்காவில் ரசாயனம் படித்தவர். வீடு இப்போது செம்பூரில். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் வீட்டில் அவரைப் பார்க்க முடியாது. நாசிக்கில் ஓர் ஒயின் ஆலையின் பரிசோதனைக்கூடம்தான் அப்போது அவர் வீடு.

அவருடைய முதல் ஆயுதம் சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு குழாய். ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். அதன் கண்ணாடி மேல் இரண்டு சொட்டு திராட்சைச் சாற்றை விட்டு, வெளிச்சத்தில் காட்டி எட்டிப் பார்த்தால் ஓர் எண் தெரியும். சாற்றில் சர்க்கரை கூடக் கூட ஒளி அதிகமாக வளையும். அந்த வளைவைத்தான் கருவி எண்ணாகக் காட்டுகிறது. அளவுக்குப் பெயர் பிரிக்ஸ். 100 கிராம் சாற்றில் ஏறக்குறைய எத்தனை கிராம் சர்க்கரை என்பதே அதன் பொருள். சாப்பிடும் திராட்சையை 17 பிரிக்ஸ் வாக்கில் பறித்து விடுகிறார்கள். ஒயினுக்கான ஷிராஸ் போன்ற கறுப்பு ரகங்களை 23, 24 வரை கொடியிலேயே விட்டு வைக்கிறார்கள்.

இந்த ஆறேழு புள்ளி வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும்போது, சர்க்கரையின் எடையில் கிட்டத்தட்ட பாதி கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிச்சம் ஆல்கஹால். தொழிலில் ஒரு மனக்கணக்கு உண்டு: பிரிக்ஸ் எண்ணை 0.55 முதல் 0.6 வரையிலான ஒரு எண்ணால் பெருக்கினால் ஒயினில் வரப்போகும் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். 17 பிரிக்ஸ் என்றால் சுமார் 9.5 முதல் 10. 24 என்றால் 13.5-ஐத் தொடும்.

ஆல்கஹால் போதைக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். வாயில் ஒயின் தண்ணீராக ஓடுகிறதா, பால் போல நின்று நகர்கிறதா என்பதை நிர்ணயிப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. தண்ணீரோடு ஆல்கஹால் கலக்கும்போது கலவை தனித்தண்ணீரைவிடக் கெட்டியாகிறது. நொதிக்கும்போது ஈஸ்ட் கொஞ்சம் கிளிசராலையும் உண்டாக்கும். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின், அதாவது நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, மீதிக் கனத்தைத் தருகிறது. இவை சேர்ந்ததைத்தான் ஒயின்காரர்கள் 'பாடி' என்கிறார்கள்.

அப்படியானால் சாற்றில் சர்க்கரையைக் கொட்டினால் போயிற்றே? தாராவியில் அவருடைய அம்மா செய்வது அதுதான். திருநெல்வேலியிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கிலோ கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் கட்டி வைப்பார். அந்த அளவு சர்க்கரையை ஈஸ்ட்டால் தின்று முடிக்க முடியாது. தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலேயே மயங்கி நின்றுவிடும். அதனால் அம்மாவின் ஒயினில் இனிப்பும் இருக்கும், ஏற்றமும் இருக்கும். துவர்ப்பும் நிறமும் மட்டும் மெலிந்தே இருக்கும். அவை சர்க்கரை டப்பாவில் வருவதில்லை. பழம் கொடியில் நின்று பழுத்தால்தான் வரும்.

அதிலும் ஒரு சிக்கல். பழத்தின் இனிப்பும் தோல், விதையின் முதிர்ச்சியும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஐரோப்பாவில் கோடை முடிந்து குளிர் வரும்போது அறுவடை. நாசிக்கில் நிலைமை தலைகீழ். செப்டம்பர், அக்டோபரில் கொடியைக் கவாத்து செய்கிறார்கள். பழம் குளிர்காலத்தில் வளர்ந்து, வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச்சில் முடிவுக்கு வருகிறது. வெயில் ஏறினால் சர்க்கரை அவசரமாக ஏறும். பழத்தின் புளிப்பில் ஒரு பகுதியான மாலிக் அமிலத்தைப் பழமே சுவாசித்து எரித்துவிடும். விதையோ பச்சையாகவே நிற்கலாம். அந்தப் பச்சை விதையின் துவர்ப்பு கசப்புப் பக்கம் சாய்ந்தது. எனவே கருவி எண் சொன்ன பிறகும் அவர் சில விதைகளைக் கடித்துப் பார்க்கிறார். பழுப்பு நிறமாகி, வறுத்த கடலை போல நொறுங்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் ஏமாறலாம். தோட்டத்தில் நுழைந்தவுடன் கண் நல்ல கொத்தைத்தான் தேடும். கை அதைத்தான் பறிக்கும். அதனால் அவர் வரிசையின் இரண்டு பக்கமும், வெயில் படும் கொத்திலும் இலை மறைத்த கொத்திலும், மேலும் கீழுமாக நூறு மணிகளைப் பார்க்காமலே கிள்ளுகிறார். பிழிவதற்கு முன்னால் அந்த நூறையும் தராசில் வைக்கிறார். பலர் இதைச் செய்வதில்லை. அவர் கணிப்பில் பிரிக்ஸைவிட முக்கியம் இந்தத் தராசுதான்.

ஏன் என்பதற்கு ஒரு பிப்ரவரிக் கதை. திண்டோரி பக்கம் ஒரு விவசாயியின் ஷிராஸ் தோட்டம். ஒரு திங்கட்கிழமை 22.0 பிரிக்ஸ், நூறு மணியின் எடை 140 கிராம், விதை பாதி பச்சை. வெள்ளிக்கிழமை 23.4 பிரிக்ஸ், எடை அதே 140, விதை பழுப்பு. பறித்துவிடலாம் என்றார் விவசாயி. இன்னும் நான்கு நாள் விட்டால் ஒயின் கனமாக வரும் என்றது ஆலை நிர்வாகம். சமரசமாகப் பாதித் தோட்டம் அன்றே அறுவடை ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தியது. மீதித் தோட்டத்தில் பிரிக்ஸ் 24.9. நிர்வாகத்துக்கு மகிழ்ச்சி. நம்மவர் தராசைப் பார்த்தார்: நூறு மணி 132 கிராம்தான். கணக்குப் போடுங்கள். 140 கிராமில் 23.4 சதவீதம் சுமார் 32.8 கிராம் சர்க்கரை. 132-ல் 24.9 சதவீதம் 32.9 கிராம். நான்கு நாளில் கொடி புதிதாகச் சர்க்கரை எதையும் அனுப்பவில்லை. பழம் தண்ணீரை மட்டும் இழந்து சுருங்கியிருந்தது. முந்தைய வாரம் அப்படியில்லை, 22.0-லிருந்து 23.4-க்கு ஏறியபோது எடை குறையவே இல்லை, அது நிஜமான பழுத்தல்.

பணக் கணக்கு வேறு மாதிரி. விவசாயிக்குக் காசு கிலோவுக்குத்தான். பத்து டன்னில் இப்படிச் சுருங்கினால் கிட்டத்தட்ட 600 கிலோ காற்றில் போயிற்று என்று அர்த்தம். பிரிக்ஸ் குறைந்தால் விலையைக் குறைக்கும் ஆலைகள், அது கூடுவதற்காகக் காத்திருக்கச் சொல்லும்போது இந்த 600 கிலோவை யார் கணக்கில் எழுதுவது என்று முன்கூட்டியே பேசுவதில்லை. இந்தத் தோட்டத்துக்காரர் பேசினார். இரண்டாவது பாதிக்கு வெள்ளிக்கிழமை எடையையே மதிப்பிட்டுப் பணம் தர வைத்தார். அதற்கு உதவியது அந்தத் தராசுச் சீட்டுதான்.

இரண்டும் தனித்தனித் தொட்டியில் நொதித்தன. முதலாவது 13.3 சதவீதத்தில் முடிந்தது. புளிப்பு உயிரோடு இருந்தது, துவர்ப்பு மென்மையாக இறங்கியது. இரண்டாவது 14.2. வாயில் கனம் கூடுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் சூடு, மணத்தில் உலர்ந்த திராட்சையின் சாயல், நடுவில் ஒரு மந்தம். புளிப்பைத் தூக்கி நிறுத்த டார்டாரிக் அமிலம் சேர்க்க வேண்டி வந்தது. அதன் நொதிப்பும் கடைசி நாட்களில் தயங்கித் தயங்கித்தான் நகர்ந்தது. அங்கே நின்றிருந்தால் மிச்சச் சர்க்கரையில் பாக்டீரியா குடியேறி முழுத் தொட்டியும் கெட்டிருக்கும்.

முதல் வாய்க்கு இரண்டாவது ஒயின் ஜெயிக்கும், இரண்டாவது கிளாஸுக்கு முதலாவதுதான் என்கிறார் அவர். விற்பனைப் பிரிவினர் ருசி பார்த்துவிட்டு இரண்டாவதைத்தான் கேட்டார்கள். கடைசியில் முக்கால் பங்கு முதல் தொட்டி, கால் பங்கு இரண்டாவது என்று கலந்து பாட்டிலில் அடைத்தார்கள். லேபிளில் ஆல்கஹால் 13.5 சதவீதம் என்று அச்சாயிற்று.