மேசை தந்த பாதி

ராயபுரத்தில் அத்தை போடும் நெத்திலி ஊறுகாய்க்கு நான்தான் போட்டோகிராபர். வெள்ளை அக்ரிலிக் பலகையில் மூன்று பாட்டில்கள், கீழே மூன்று பிரதிபலிப்புகள். பாட்டில்களை ஃபோட்டோஷாப் பென் டூலால் வெட்டித் தனி லேயராக்கிவிடலாம். பிரதிபலிப்பையும் அப்படி வெட்டினால் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கும். ஏன்னா, அதில் மேசையின் வெள்ளையும் கலந்திருக்கிறது.

அதனால் அசல் படத்தின் நகலில் மேசைப் பகுதியை மட்டும் விட்டு, பாட்டில் லேயருக்கு அடியில் `Multiply`-யில் வைக்கிறேன். அதில் தூய வெள்ளை மறைந்துவிடும். இருண்டது மட்டும் புதுப் பின்னணியில் படியும். முதலில் `Levels`-இல் வெறும் மேசையை 255-க்கு ஏற்றணும். குறைந்தால் படத்தின் ஓரம் சாம்பல் கோடாகத் தெரியும். அதிகமானால் பிரதிபலிப்பின் வால் அறுந்துவிடும். பின்னணி இருட்டாக இருந்தால் இந்த வழி உதவாது. அதற்குக் கறுப்புப் பலகையில் எடுத்து, `Screen` போடணும்.