பாடலியில் ஒரு மழைக்காலம்

காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து பண்ருட்டி வழியாகக் கடலூர் போகிறவர்கள் முதலில் திருவதிகையையும், பிறகு திருப்பாதிரிப்புலியூரையும் கடக்கிறார்கள். ஒரு சமணப் பள்ளி அழிந்த கதையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் பங்கு உண்டு. திருப்பாதிரிப்புலியூருக்கு அன்று பாடலிபுத்திரம் என்று பெயர். அங்கே பேர்பெற்ற சமணப் பள்ளி இருந்தது. திருநாவுக்கரசர் தருமசேனராக வாழ்ந்தது அங்கேதான். அவர் சைவத்துக்குத் திரும்பியபின் பல்லவ மன்னன் அந்தப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறது பெரியபுராணம். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். பள்ளி நின்ற இடம் இதுதான் என்று கைகாட்ட இன்று ஒரு சுவர்கூட இல்லை. ஆனால் அங்கே ஒருவர் உட்கார்ந்து ஏடு எழுதினார் என்பதற்கு நாளோடு சான்று இருக்கிறது.

அவர் பெயர் சர்வநந்தி, சமண முனிவர். எழுதிய நூல் ‘லோகவிபாகம்’. சமணர் கண்ட உலக அமைப்பை, தீவுகளும் கடல்களும் கோள்களுமாக, அளவுகளோடு சொல்வது. பாணராட்டிரத்துப் பாடலிகை என்னும் ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல் அது எழுதப்பட்டது என்று நூலின் முடிவுப் பாடல்கள் சொல்கின்றன. வளர்பிறையில் நிலா உத்திரத்தில் நின்றது என்ற குறிப்பும் உண்டு. அதை வைத்து அறிஞர்கள் கணித்த நாள் கி.பி. 458 ஆகஸ்ட் 25. பாடலிகை என்பது திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ‘எழுதினார்’ என்று அங்கே வரும் சொல், அவர் தாமே இயற்றியதையும் குறிக்கலாம், பழைய நூலைப் படியெடுத்ததையும் குறிக்கலாம். படியெடுத்தார் என்ற பக்கமே என் மனம் சாய்கிறது.

ஐரோப்பிய மடங்களில் ஏடெழுதிய துறவிகளுக்குக் குளிர் எதிரி, விரல் விறைத்துப்போகும். கடலூர்க் கரையில் எதிரி மழைதான். ஆடிப் பௌர்ணமி முதல் கார்த்திகைப் பௌர்ணமி வரை சமண முனிவர்கள் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவார்கள். மழையில் பெருகும் சிற்றுயிர்களை மிதிக்கக் கூடாது என்பது காரணம். சர்வநந்தியின் ஆகஸ்ட் அந்த நாலு மாதத்துக்குள் விழுகிறது. ஐப்பசி அடைமழைக்கு முன்பே அவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்.

அது எவ்வளவு நல்லது என்பது ஓலையைத் தொட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். பனையோலையை அவித்து, நிழலில் உலர்த்தி, சமமாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோப்பார்கள். எழுத்தாணி மை தீட்டுவதில்லை, கீறுகிறது. ஓலை காய்ந்து முறுகினால் கீறல் நாரோடு ஓடி ஏடு பிளக்கும். ஈரம் ஏறினால் மெத்தென்றாகி எழுத்து கூர்மையாக விழாது, பிறகு பூஞ்சை படரும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய விளக்குக்கரியைத் தடவித் துடைக்க வேண்டும். இன்னொரு இடைஞ்சலும் உண்டு. விளக்கில் பூச்சி விழுந்து சாகும் என்பதால் முனிவர் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு எழுத முடியாது. வானம் இருண்டால் அன்றைய வேலை அத்தோடு சரி. பள்ளித் திண்ணையில் அவர் மேகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

இந்த நூலைப் படியெடுப்பதில் பெரிய ஆபத்து எண்கள். ஒரு சுழியம் விட்டுப்போனால் அளவு பத்தில் ஒன்றாகிவிடும்; பார்த்தால் தவறென்றே தெரியாது. அதற்கு நூல் ஒரு வழி செய்திருக்கிறது. 13107200000 என்ற எண்ணை அது இலக்கமாக எழுதுவதில்லை. கடைசி இடத்திலிருந்து தொடங்கி, முதலில் சுழியங்கள் ஐந்து என்று எண்ணிச் சொல்லிவிடுகிறது. பிறகு 2, 7 என வந்து, நடுவில் உள்ள சுழியத்தை வானம் என்ற பெயரால் குறித்து, 1, 3, 1 என்று முடிக்கிறது. எல்லாம் யாப்புக்குள் அடங்கிய சொற்கள். ஒரு சொல்லை விட்டால் அடி தட்டும், படிப்பவர் காதிலேயே பிழை பட்டுவிடும். சுழியத்தோடு கூடிய இட மதிப்பு முறைக்கு ஆண்டு குறித்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர்கள் இதைக் காட்டுகிறார்கள்.

இதில் ஒரு வரம்பு உண்டு. சர்வநந்தியின் ஏடு நம்மிடம் இல்லை. அது பிராகிருதத்தில் இருந்ததாகக் கருதப்படுகிறது. இன்று இருப்பது சிம்மசூரி என்பவர் பின்னாளில் சமஸ்கிருதத்தில் மாற்றி எழுதியது. எண்களைச் சொல்லும் முறையில் எவ்வளவு பாடலியின் கை, எவ்வளவு அவருடைய கை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஊர், அரசன், ஆண்டு, விண்மீன் ஆகிய நான்கையும் சிம்மசூரி விடாமல் தம் நூலில் எடுத்து வைத்தார். மகேந்திரவர்மன் பள்ளியை இடித்தபோது இந்த நூல் எழுதி முடித்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதற்குள்ளோ பிறகோ, யாரோ அதைப் படியெடுத்து வேறு ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை.