மாலை ஆட்டமும் இராத் தூக்கமும்

நாங்கள் லிசேவில் படித்த காலத்தில் ஒரு பிரெஞ்சுப் பழமொழி அடிக்கடி காதில் விழும். "லெ ஸொமேய் தவாம் மினுயி கோந்த் தூப்ள்." நடுநிசிக்கு முன் தூங்கும் தூக்கத்துக்கு இரட்டைக் கணக்கு என்று பொருள். பன்னிரண்டு மணிக்கு அப்படி ஒன்றும் தனி மகிமை இல்லை. ஆனால் பழமொழிக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் என்று மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் நாம் கண்ணயர்ந்த முதல் மூன்று மணி நேரத்தில்தான் வருகிறது. பின்னிரவில் கனவும் மேலோட்டமான உறக்கமும்தான் அதிகம். நம் வயதில் இந்த ஆழ்ந்த பகுதி இளமையில் இருந்ததைவிட மிகவும் சுருங்கிவிடுகிறது. இருக்கிற கொஞ்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா? அதனால்தான் மாலையில் உடற்பயிற்சி செய்யலாமா கூடாதா என்ற கேள்வி எங்கள் கடற்கரைச் சாலை பெஞ்சில் அடிக்கடி எழுகிறது.

என் வகுப்புத் தோழர் ஒருவருக்கு இது வெறும் பெஞ்சு விவாதமாக இருக்கவில்லை. அவருக்கு வயது 72, சர்க்கரை உண்டு. மனைவி படுத்த படுக்கை. காலை முழுதும் அவர்தான் துடைத்து, மாற்றி, ஊட்டி எல்லாம் செய்கிறார். மாலை ஆறு மணிக்கு ஓர் ஆயா வந்து ஒன்பதரை வரை இருப்பார். அந்த மூன்றரை மணி நேரம்தான் அவருக்குச் சொந்தம். இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை ஷட்டில் ஆடுவார். எதிரே நிற்பவர்கள் முப்பது வயதுப் பையன்கள். இவரும் விடமாட்டார். வந்து சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

பிரான்சில் இருக்கும் மகன் தொலைபேசியில், "அப்பா, சாயங்காலத்துக்கு மேல உடற்பயிற்சியே வேண்டாம், தூக்கம் கெட்டுடும். காலையில நடங்க" என்று சொல்லிவிட்டான். காலையில் எங்கே நடப்பது? இவர் எல்லாவற்றையும் நிறுத்தினார். தூக்கம் ஓரளவு வந்தது, ஆனால் மூன்று மாதத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. "எதை விடறதுன்னு நீயே சொல்லுப்பா. உனக்குத்தான் கோப்பு படிச்சுப் பழக்கம்" என்றார்.

சரி, கோப்பைப் புரட்டுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் சூரிச் நகரத்து ஆய்வாளர்கள். 2018-ல் அவர்கள் அதுவரை வெளியான 23 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மாலையில் பயிற்சி செய்தவர்களுக்குத் தூக்கம் கெடவில்லை. இரவில் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு 19.9 விழுக்காட்டிலிருந்து 21.2 ஆகச் சற்றே கூடவும் செய்தது. ஒரே ஒரு விலக்கு: படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த கடுமையான பயிற்சி. அதற்குப் பிறகு தூக்கம் வரத் தாமதமானது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளவயதினர் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்தது 2025-ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மணிக்கட்டுப் பட்டை அணிந்த 14,689 பேரின் சுமார் நாற்பது லட்சம் இரவுகளைப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு நான்கு மணி நேரத்துக்குள் கடுமையான பயிற்சி முடிந்தால் தூக்கம் தள்ளிப் போகிறது, குறைகிறது, இரவில் நாடித்துடிப்பும் கூடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு முன்பே முடித்தவர்களுக்குப் பாதிப்பில்லை. இலேசான பயிற்சியில் வித்தியாசம் சொற்பமே.

ஒருவர் ஒரு மணி என்கிறார், இன்னொருவர் நான்கு மணி என்கிறார். அலுவலகத்தில் இரண்டு அரசாணைகள் முட்டிக்கொண்டால் எது பிந்தியது என்று பார்ப்போம். இங்கே அது உதவாது. இரண்டிலும் பொதுவாக நிற்பது "கடுமை" என்ற சொல். கெடுப்பது மாலை வேளை அல்ல, படுக்கைக்குப் பக்கத்தில் வரும் கடுமை. கடுமை என்பதோ ஆளுக்கு ஆள் மாறும். பையனுக்கு விளையாட்டாக இருக்கும் அதே ஷட்டில் 72 வயது இதயத்துக்கு ஓட்டப்பந்தயம். அளக்க எளிய வழி உண்டு. பயிற்சி செய்யும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிந்து, ஆனால் பாட முடியாமல் போனால் அது நடுத்தரம். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் கடுமை.

ஏன் கெடுக்கிறது என்பதுதான் எனக்குச் சுவையாக இருந்த பகுதி. நமக்குத் தூக்கம் வருமுன் உடலின் உள்சூடு மெல்ல இறங்க ஆரம்பிக்கிறது. கை, கால்களின் தோலுக்கு இரத்தம் அதிகமாக ஓடி அந்தச் சூட்டை வெளியேற்றுகிறது. கடுமையாக ஆடியவனுக்கு உள்சூடு ஏறி நிற்கிறது, நாடியும் உடனே அடங்குவதில்லை. உடம்பு இன்னும் மைதானத்தில் இருக்கிறது, ஆள் மட்டும் படுக்கையில் இருக்கிறார்.

ஆனால் அதே சூடுதான் ஆழ்ந்த தூக்கத்துக்கும் உதவுகிறது! இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்ன் என்பவர் 1980-களில் இதைச் சோதித்தார். கடுமையாக ஓடவைத்த நாளில் ஆழ்ந்த தூக்கம் கூடியது. ஓடாமல் வெந்நீரில் உட்காரவைத்துச் சூடேற்றிய நாளிலும் கூடியது. பின்னொரு சோதனையில், உடல் அதிகம் சூடேறாதபடி குளிர்வித்துக்கொண்டே ஓடவைத்தார். அன்று கூடவில்லை. அவர் சோதித்தது பயிற்சி உள்ள சில இளவயதினரைத்தான், அதனால் நமக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் விஷயம் புரிகிறது. சூடு ஏற வேண்டும், பிறகு இறங்குவதற்கு அவகாசமும் வேண்டும்.

இனி என் தோழரின் வழக்கு. வீட்டில் மனைவிக்காக வாங்கிய பி.பி. மிஷின் இருந்தது. அது நாடியையும் காட்டும். மறுபடி வாரம் இரண்டு நாள் மட்டும் பழைய எட்டு மணி ஆட்டம் ஆடச் சொன்னேன். தினமும் காலையில் எழுந்ததும் ஒரு முறை, இரவு பத்து மணிக்கு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு ஒரு முறை நாடியைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். காலையில் 64. ஆடாத இரவுகளில் 68, 69. ஆடிய இரவுகளில் 88, ஒரு நாள் 91. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் இருபதுக்கு மேல் கூடுதல். தூக்கம் வராததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பின் நேரத்தை மாற்றினோம். ஆயா வந்ததும் கிளம்பி ஆறரையிலிருந்து ஏழு வரை ஷட்டில், அதுவும் தம் வயதுக்காரர்களோடு இரட்டையர் ஆட்டம். பிறகு கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே ஆரம்பித்து அரை மணி நடை. ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பது நமக்கு ஒரு வசதி. முதல் பத்து நிமிடம் நிதானம், பிறகு மூச்சு சற்றே வாங்கும் வேகம், கடைசி ஐந்து நிமிடம் மறுபடி நிதானம். எட்டு மணிக்கு வெதுவெதுப்பான நீரில் குளியல், உடனே சாப்பாடு. பத்து மணிக்கு நாடி 70, 72. பத்தரைக்குள் தூங்கிவிடுவதாக அவர் குறிப்பேட்டில் இருக்கிறது. முன்பு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு அரை மணியில் படுத்தாரே, அதற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். பழி முழுவதையும் ஷட்டில் தலையில் கட்டக்கூடாது. சர்க்கரையும் பழைய அளவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

குளியலை நான் சும்மா சேர்க்கவில்லை. படுக்கைக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு சூடான நீரில் குளித்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் சீக்கிரமாகத் தூக்கம் வந்தது என்று டெக்சாஸ் ஆய்வாளர்கள் 2019-ல் தொகுத்துச் சொன்னார்கள். சூட்டில் தோலுக்கு வந்த இரத்தம் உள்சூட்டை வெளியே கொண்டுபோகிறது. ஹார்ன் சொன்ன கதைதான்.

எந்தப் பயிற்சி நல்லது என்று கேட்பவர்களுக்கு: ஷட்டிலே வேண்டும் என்பதில்லை. 50 முதல் 76 வயது வரை உள்ளவர்களை வைத்து ஸ்டான்ஃபோர்டில் 1997-ல் செய்த சோதனையில், வாரம் நான்கு நாள் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக வேக நடையும் இலேசான உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு, தூக்கம் வர ஆகும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் பலன் தெரிய 16 வாரம் கொடுத்தார்கள். ஹாங்காங்கில் அறுபது கடந்த, தூக்கமின்மையால் அவதிப்பட்டவர்களுக்கு மூன்று மாதம் தாய்ச்சி பழக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு நடையும் தசைப் பயிற்சியும். இரண்டு குழுவுக்கும் தூக்கம் தேறியது. ஆக, மூன்று நாள் நடந்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். எடை தூக்குவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது போன்றவற்றை மூச்சை அடக்காமல் சாயங்காலத்திலேயே முடித்துவிட்டால் நல்லது.

இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும், மாலைப் பயிற்சிக்குப் பிறகு நடுராத்திரியில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வேர்த்து, நெஞ்சு படபடத்து விழிப்பு வந்தால் அதைத் தூக்கக் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், டாக்டரிடமும் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடிக் கணக்கு ஏமாற்றும். அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் சரி.

மே மாதத்தில் நம் ஊரில் இந்தக் கணக்கே கொஞ்சம் மாறும். காற்றில் ஈரம் மிகுந்து வேர்வை உலராதபோது உள்சூடு இறங்குவதும் மெதுவாகிறது. போன கத்திரியில் என் தோழர் ஷட்டிலை விட்டுவிட்டு நடையை மட்டும் வைத்துக்கொண்டார், அதுவும் கடல் காற்று வீசும் நாட்களில்தான். காற்று நின்றுவிட்ட நாட்களில் நாடி பத்து மணிக்கும் 80-க்கு அருகில் இருந்தது. அன்று அவர் பதினொன்றுக்குத்தான் படுத்தார்.