பாத்ரூம் ஈரமும் ஒரு ஃபேன் கணக்கும்

திண்டுக்கல் வெயில்ல ஈரமெல்லாம் ஒரு பிரச்சினையான்னு கேப்பீங்க. ஐப்பசி மழையில எங்க பாத்ரூம் சீலிங்கை வந்து பாருங்க மக்களே, கறுப்புப் பூசணம். அம்மாவுக்கு வீசிங் வேற. "சின்ன பாத்ரூம்தானே, நாலு இஞ்ச் போதும் சார்"னு கடைக்காரர் குடுத்த ஃபேன், சத்தம் மட்டும்தான் போட்டுச்சு.

டேப் எடுத்து அளந்தேன். 8 அடி நீளம், 5 அடி அகலம், 10 அடி உயரம். ஆக 400 கன அடி. மணிக்கு எட்டு தடவை காத்து மாறணும்னா 3200 கன அடி, அதாவது சுமார் 90 கன மீட்டர். ஃபேன் பெட்டியிலயோ 100னு போட்டிருக்கு! அப்புறம் ஏன்? அந்த 100, எந்தத் தடையும் இல்லாதப்ப தள்ளுற அளவு. நம்மாளு ரெண்டு எல்போ வச்ச பைப்புக்குள்ள மூச்சு முட்டித் தள்ளிட்டிருக்கார். பைப்பைத் தூக்கிட்டு, சுவத்துல நேரா ஓட்டை போட்டு, 250 கன மீட்டர் ஆறு இஞ்ச் மாட்டினேன்.

அப்பவும் கண்ணாடி மங்கல். ஃபேன்கிட்ட டிஷ்யூ பேப்பரைப் பிடிச்சா ஒட்டல. கதவை லேசாத் திறந்ததும் பச்சுனு ஒட்டுது. உள்ள வர வழியில்லாம காத்து எப்படி வெளிய போகும்? பூட்டு ஊர்க்காரன் கதவை இறுக்கமாப் போட்டது தப்பாப் போச்சு :-) கதவுக்கு அடியில முக்கால் இஞ்ச் அறுத்துவிட்டேன்.

இன்னொண்ணு. ஒரு தடவை காத்து மாறினா ஈரம் மொத்தமும் போயிடாது. புதுக்காத்து பழசோட கலந்துதான் போகும், மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளயே மிஞ்சும். மூணு தடவையாவது மாறணும். அதனால குளிச்சப்புறம் இருபது நிமிஷம் ஃபேன் ஓடுது. மழை நாள்ல வெளிக்காத்தே ஈரம், அன்னைக்கு தரையை வைப்பர் போட்டுத் தள்ளினாத்தான் ஆகும். அது என் வேலையாம்.