பாலக் கீரையும் தவறிய நான்கு மாத்திரைகளும்

நாக்பூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்புக்காக ஆறாண்டுகள் வார்ஃபரின் உட்கொண்டு வந்தார். மாதந்தோறும் ஐ.என்.ஆர். பரிசோதனை, பாலக் கீரையும் வெந்தயக் கீரையும் அளந்தே உணவில் சேரும். பின்னர் மருத்துவர் வார்ஃபரினை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே இறங்கியதும் அபிக்சபான் 5 மி.கி. நாளுக்கு இருவேளை எனத் தொடங்கினார். கீரைக் கட்டுப்பாடு நீங்கியது. அது ஏன் நீங்கியது என்பதை எவரும் அவருக்கு விளக்கவில்லை.

கல்லீரல் 2, 7, 9, 10 ஆகிய உறைவுக் காரணிகளை உருவாக்கும்போது, அவற்றின் குளூட்டமேட் அலகுகளில் கார்பாக்சில் தொகுதியைச் சேர்க்க வைட்டமின் கே தேவை. அத்தொகுதி இருந்தால்தான் காரணி கால்சியத்தின் துணையோடு தட்டணுவின் மேற்பரப்பில் அமர இயலும். ஒவ்வொரு முறையும் செலவாகும் வைட்டமினை மீட்டுத் தரும் நொதியையே வார்ஃபரின் தடுக்கிறது. எனவே கீரையின் வழியே வைட்டமின் மிகுந்தால் மருந்தின் பிடி தளர்கிறது. மேலும், முன்பே குருதியில் உள்ள முழுமையான காரணிகள் தீர்ந்தாக வேண்டும் என்பதால், அதன் முழுப்பயன் கிட்டச் சில நாள்கள் ஆகின்றன.

அபிக்சபான் இவ்வுற்பத்தியில் தலையிடுவதே இல்லை. பத்தாம் காரணி குறையின்றி உருவாகிறது. செயலூக்கம் பெற்று எக்ஸ்-ஏ ஆகிறது. புரோத்ராம்பினை வெட்டி த்ராம்பினாக்கும் அதன் வினைக்குழியில் அபிக்சபான் சென்று அமர்ந்து வழியை அடைக்கிறது. ரிவராக்சபானும் அவ்வாறே, டபிகட்ரானோ த்ராம்பினின் குழியையே அடைக்கிறது. எவ்வளவு கீரை உண்டாலும் அக்குழி காலியாவதில்லை. மூன்று மணி நேரத்தில் மருந்து உச்சத்தை எட்டுகிறது.

இதே இயல்புக்கு மறுபக்கமும் உண்டு. உறவினர் திருமணத்திற்குச் சென்ற ஆசிரியை மாத்திரைகளை வீட்டிலேயே விட்டுவிட்டார். வார்ஃபரின் காலத்தில் ஒருவேளை தவறினும் பெரும் மாற்றமில்லை என்ற நினைவில் இரண்டு நாள்கள் கவலையின்றி இருந்தார். ஆனால் அபிக்சபானின் அரை ஆயுள் ஏறத்தாழ 12 மணி நேரமே. 48 மணி நேரத்தில் எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. காரணிகள் முழுமையாகவே இருப்பதால், மருந்து அகன்றதும் உறையும் திறன் அப்படியே மீள்கிறது.

ஊர் திரும்பியவர் ஐ.என்.ஆர். பார்த்தார், 1.1 என வந்தது. மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டிருந்தாலும் ஏறத்தாழ அவ்வெண்ணே வந்திருக்கக்கூடும். அப்பரிசோதனை வார்ஃபரினுக்காக அளவிடப்பட்டது. அபிக்சபான் அதை மிகச் சிறிதே அசைக்கிறது. மருந்தின் அளவை அறிய, அதற்கென அளவுதிருத்தப்பட்ட எக்ஸ்-ஏ எதிர்ப்புப் பரிசோதனை வேண்டும். குருதிப்பெருக்கு நேர்ந்தால் வைட்டமின் கே ஊசியும் இம்மருந்தை முறிக்காது.

அவருக்கு விபரீதம் ஏதும் நேரவில்லை. அவரது மருத்துவச் சீட்டில் இப்போது கீரை பற்றிய குறிப்பு இல்லை. காலை எட்டு, இரவு எட்டு என்ற இரு நேரங்கள் மட்டும் அடிக்கோடிடப்பட்டுள்ளன.